முன்கூட்டிக் கட்டும் வரியும் முந்திரி ஆலையின் கணக்கும்

நெய்வேலி நகரியத்துக்கு அண்மையிலுள்ள முத்தாண்டிக்குப்பத்துச் செம்மண் நிலத்தில் முந்திரித் தோப்புகள் மிகுதி. தோப்பு வைத்திருப்போர் தம் கொட்டையை விற்றுப் பெறும் பணம் விவசாய வருமானம். அதற்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. ஆனால், பிறரிடமிருந்து கொட்டையை விலைக்கு வாங்கி, உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்துப் பருப்பாக விற்பவர் செய்வது வியாபாரம். அந்த இலாபத்துக்கு வரி உண்டு. தோப்பிலிருந்து ஆலைக்கு முன்னேறிய குடும்பங்களுக்கு இங்கேதான் புதிய சிக்கல் ஒன்று தொடங்குகிறது. வரியைக் கட்டுவதில் அவர்கள் தவறுவதில்லை. கட்டிய வரியை ஏட்டில் எழுதுவதில்தான் தவறுகிறார்கள்.

சென்ற ஆண்டு கடன் மனு ஒன்றின் பொருட்டு இளைஞர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். இருவர் கூட்டாக நடத்தும் சிறு முந்திரி ஆலையில் அவர் ஒரு கூட்டாளி. 1-4-2024 அன்று அவருடைய தாய்மாமன் கூட்டிலிருந்து விலகிக்கொள்ள, அவர் இடத்தில் இவர் சேர்ந்தார். மற்றொரு கூட்டாளி பழையவர். கணக்கு எழுதுபவரும் அவரே. வங்கிக்குக் கொடுப்பதற்காக எடுத்து வந்த இலாப நட்டக் கணக்கை என்முன் வைத்து, "ஐயா, வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால், என் பங்குக்கு வந்த இலாபம் நான் எண்ணியதைவிடக் குறைவாக இருக்கிறதே, ஏன்?" என்று கேட்டார். மாமன் மீதும் கூட்டாளி மீதும் அவருக்கு இருந்த மரியாதை காரணமாக இக்கேள்வியை அவர்களிடம் கேட்க அவர் துணியவில்லை. விடை அந்தக் கணக்கின் ஒரே வரியில் இருந்தது: "வரிகள்: ரூ. 3,56,400." அவர்களுடைய ஏட்டின் உண்மை எண்களை இங்கே மாற்றியிருக்கிறேன், தவறும் அதைத் திருத்திய வழியும் உண்மையானவை.

அந்த ஒரு வரிக்குள் மூன்று வேறுபட்ட பொருள்கள் கலந்து கிடந்தன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன், வரி எந்த முறையில் கட்டப்படுகிறது என்பதை அறிய வேண்டும்.

ஆண்டு முடிந்து, இலாபம் தெரிந்த பிறகுதான் வரி கட்ட வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பழைய வழக்கம். வருமானம் வரும் ஆண்டிலேயே வரியையும் தவணையாகக் கட்டும் முறை 1944-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுக்கு வந்துவிட்டது. பிடித்தம் போக ஓராண்டில் கட்ட வேண்டிய வரி ரூ. 10,000 அல்லது அதற்கு மேல் இருக்குமானால், அவ்வாண்டு முழுவதற்கும் இலாபத்தை மதிப்பிட்டு, அதற்குரிய வரியில் 100-க்கு 15 பங்கை ஜூன் 15-ஆம் நாளுக்குள்ளும், மொத்தம் 45 பங்கு நிறையும்படி செப்டம்பர் 15-க்குள்ளும், 75 பங்கு நிறையும்படி டிசம்பர் 15-க்குள்ளும், முழுவதையும் மார்ச் 15-க்குள்ளும் கட்ட வேண்டும். கம்பெனி அல்லாதவர்களுக்கு முதல் தவணை செப்டம்பரில் வரும் வழக்கம் 2016-ஆம் ஆண்டுவரை இருந்தது. பழைய வியாபாரிகள் சிலர் இன்றும் ஜூன் தவணையைத் தவறவிடுவதற்கு அந்த நினைவே காரணம். விற்பனையில் குறிப்பிட்ட விழுக்காட்டை இலாபமாக ஒப்புக்கொண்டு அனுமான முறையில் வரி கட்டுவோர் மட்டும் முழுவதையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். நாம் எடுத்துக்கொண்ட ஆலை அந்த முறையில் சேராமல் முறைப்படி கணக்கு வைத்திருப்பது. 1-4-2026 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. தவணை நாட்களும் விழுக்காடுகளும் அதிலும் இவ்வாறே உள்ளன.

கூட்டு நிறுவனத்துக்கு வரி விகிதம் எளியது. வரிக்குரிய இலாபம் 1 கோடி ரூபாய்க்கு மேற்படாதவரை 100-க்கு 30. அந்த வரியின்மீது 4 விழுக்காடு மேல்வரி. இரண்டும் சேர்ந்து 100-க்கு 31.20 ஆகிறது.

நம் ஆலை 2024-25-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலாபத்தை ரூ. 8,00,000 என மதிப்பிட்டது. அதற்கு வரி ரூ. 2,49,600. ஆகவே, ஜூன் 14 அன்று ரூ. 37,440, செப்டம்பர் 13 அன்று ரூ. 74,880, டிசம்பர் 13 அன்று ரூ. 74,880 என்று கட்டினர். மார்ச்சில் கணக்கை மறுபடி பார்த்தபோது இலாபம் ரூ. 9,50,000 வரை வரும் எனத் தெரிந்தது. அதற்கு வரி ரூ. 2,96,400. ஆதலால், மார்ச் 13 அன்று குறைவு முழுவதையும், அதாவது ரூ. 1,09,200-ஐக் கட்டினர். இதில் குறை கூற அதிகமில்லை.

இனி, இப்பணத்தை ஏட்டில் எழுதும் முறைக்கு வருவோம்.

ஜூன் மாதம் ரூ. 37,440 கட்டும்போது ஆண்டு தொடங்கி மூன்று மாதங்கூட நிறையவில்லை. ஆண்டின் இலாபம் எவ்வளவு, வரி எவ்வளவு என்பது எவருக்கும் தெரியாது. அப்பணம் அரசிடம் முன்பணமாக இருக்கிறது. தோப்புக்காரருக்கு வரப்போகும் கொட்டைக்காக நாம் முன்பணம் கொடுத்தால் அதை எவரும் அன்றே கொள்முதல் செலவில் எழுதுவதில்லை. கொடுத்த முன்பணம் என்றே எழுதி வைக்கிறோம். வரியும் அப்படியே. ஆகவே, "முன்கூட்டிய வரி" என ஒரு கணக்கைத் தனியே திறந்து, அதில் பற்று எழுதி, வங்கிக் கணக்கில் வரவு எழுத வேண்டும். இக்கணக்கு ஒரு சொத்துக் கணக்கு. ஊரில் வரவு என்றால் வந்த பணம். இரட்டைப் பதிவு ஏட்டிலோ வங்கிக் கணக்கில் வரவு எழுதினால் வங்கியிலிருந்து பணம் வெளியே போயிற்று என்று பொருள். புதிதாகக் கணக்கு எழுத வருபவர் இவ்விடத்தில் திகைப்பதை நான் பலமுறை கண்டதுண்டு. நான்கு தவணைகளும் எழுதிய பின் அந்தச் சொத்துக் கணக்கில் ரூ. 2,96,400 நிற்கும். இலாப நட்டக் கணக்கை இதுவரை நாம் தொடவே இல்லை.

நெய்வேலி சுரங்கத்துக்கும் அனல் மின் நிலையங்களுக்கும் ஒப்பந்த வேலை செய்வோர் நம் பகுதியில் பலர் உளர். அவர்களுக்குப் பட்டியல் பணம் வரும்போதே வரி பிடித்துக்கொள்ளப்படுகிறது. அந்தப் பிடித்தமும் இவ்வாறே சொத்தாக எழுதப்பட வேண்டியது. வந்த பணத்தை மட்டும் வருமானமாக எழுதிப் பிடித்தத்தை மறந்துவிட்டால் வருமானமும் குறைவாகத் தெரியும். கழித்துக்கொள்ள வேண்டிய வரியும் கைவிட்டுப் போகும்.

மார்ச் 31 வருகிறது. அன்றுதான் வரி ஒரு செலவாகிறது. அந்த ஆலையின் ஏட்டின்படி வருமான வரிக்கு முந்திய இலாபம் ரூ. 9,60,000. ஆனால், வரி கணக்கிடும் இலாபம் இதுவன்று. இயந்திர உதிரிகள் வாங்கிய கடை ஒன்றுக்கு ஒரே நாளில் ரூ. 40,000 ரொக்கமாகக் கொடுத்திருந்தனர். ஒருவருக்கு ஒரு நாளில் ரூ. 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கும் வியாபாரச் செலவை வரிக் கணக்கில் கழிக்க இயலாது. விவசாயியிடம் அவர் விளைவித்த கொட்டையை வாங்கி ரொக்கம் கொடுப்பதற்கு இந்தத் தடை இல்லை. உதிரிக் கடைக்கு அந்த விலக்கு கிடைக்காது. எனவே, அந்த 40,000 திரும்பச் சேர்ந்து, வரிக்குரிய இலாபம் ரூ. 10,00,000 ஆயிற்று. அதற்கு வரி ரூ. 3,12,000. இதுவே 2024-25-ஆம் ஆண்டின் வரிச் செலவு. எத்தனை தவணையில் எவ்வளவு கட்டினோம் என்பதற்கும் இந்தத் தொகைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒரு காசு கட்டாமல் இருந்திருந்தாலும் வரிச் செலவு இதே 3,12,000 தான்.

அதற்கான பதிவு: வரிச் செலவுக் கணக்கில் பற்று ரூ. 3,12,000, செலுத்த வேண்டிய வரிக் கணக்கில் வரவு ரூ. 3,12,000. முதலாவது இலாப நட்டக் கணக்குக்குச் செல்கிறது. இரண்டாவது பொறுப்பு, அதாவது நிறுவனம் அரசுக்குப் பட்ட கடன். அக்கடனுக்கு எதிராக நம்மிடம் முன்பணம் ரூ. 2,96,400 சொத்தாக நிற்கிறது. செலுத்த வேண்டிய வரிக் கணக்கில் பற்றும் முன்கூட்டிய வரிக் கணக்கில் வரவும் எழுதி, அம்முன்பணத்தைக் கழித்துக்கொண்டால் மீதிக் கடன் ரூ. 15,600. தணிக்கையாளர்கள் சிலர் வரித்துறையின் உத்தரவு வரும்வரை இரு கணக்குகளையும் தனித்தனியே நிறுத்தி, இருப்புநிலைக் குறிப்பில் மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் காட்டுவர். எந்த ஆண்டின் வரி எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய அது நல்ல வழியே. விடை ஒன்றுதான்.

இத்துடன் சிறு வட்டி ஒன்றும் உண்டு. தவணைகளில் குறைவு இருந்தால் 234-சி பிரிவின்படி மாதத்துக்கு 100-க்கு 1 வட்டி. ஆயினும் ஜூனில் இறுதி வரியின் 12 விழுக்காடும் செப்டம்பரில் 36 விழுக்காடும் கட்டியிருந்தால் அவ்விரு தவணைகளுக்கும் வட்டி கேட்பதில்லை. நம் ஆலை ஜூனில் கட்டிய 37,440 இறுதி வரியான 3,12,000-இல் சரியாக 12 விழுக்காடு. செப்டம்பர் வரை கட்டிய 1,12,320 சரியாக 36 விழுக்காடு. எனவே, மயிரிழையில் தப்பினர். டிசம்பருக்கு அத்தகைய சலுகை இல்லை. கட்டியிருக்க வேண்டியது ரூ. 2,34,000, கட்டியது ரூ. 1,87,200, குறைவு ரூ. 46,800. இதற்கு மூன்று மாத வட்டி ரூ. 1,404. மார்ச் குறைவு ரூ. 15,600-க்கு ஒரு மாத வட்டி ரூ. 156. ஆக ரூ. 1,560. மொத்த வரியில் 90 விழுக்காட்டுக்கு மேல் மார்ச்சுக்குள் கட்டிவிட்டதால் 234-பி என்னும் மற்றொரு வட்டி எழவில்லை.

டிசம்பர் குறைவு நேர்ந்ததன் காரணம் அறியத்தக்கது. கோடையில் கொட்டை வாங்கும்போது பணம் வெளியே போகிறது. தீபாவளியை ஒட்டிப் பருப்பு விற்கும்போதுதான் இலாபம் கைக்கு வருகிறது. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. ஆகவே, டிசம்பர்த் தவணைக்கு முன் அவ்வாண்டின் இலாபம் பெரும்பாலும் தெரிந்தே இருந்தது. ஏப்ரலில் போட்ட மதிப்பீட்டை அப்போது எவரும் எடுத்துப் பார்க்கவில்லை. முந்திரி வியாபாரிக்கு மதிப்பீட்டைத் திருத்த ஏற்ற மாதம் நவம்பரே.

இந்த வட்டியைத் தனிச் செலவாகப் பற்று எழுதி, செலுத்த வேண்டிய வரிக் கணக்கில் வரவு வைத்தால், மார்ச் 31 அன்று அரசுக்குத் தர வேண்டியது மொத்தம் ரூ. 17,160. 2025 ஜூலையில் வருமான விவரம் அளிப்பதற்கு முன் இத்தொகையைக் கட்டும்போது, செலுத்த வேண்டிய வரிக் கணக்கில் பற்று, வங்கிக் கணக்கில் வரவு. கடன் தீர்ந்தது; அவ்வளவே. ஜூலை மாதம் புதிய ஆண்டில் விழுந்தாலும் புதிய ஆண்டின் செலவில் இதற்கு இடமில்லை.

இப்போது அந்த இளைஞரின் கணக்குக்குத் திரும்புவோம். அவர்களுடைய ஏட்டில் "வரிகள்" என்ற ஒரே கணக்குதான் இருந்தது. ஊராட்சிக்கு ஆண்டுதோறும் கட்டும் வீட்டு வரி, அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் தொழில் வரி ஆகியவற்றைக் கட்டிய நாளிலேயே செலவில் எழுதிப் பழகியவர் அந்த மூத்த கூட்டாளி. அவை தொழில் நடத்துவதற்கான செலவுகள். இலாபம் காண்பதற்கு முன் கழிபவை. அவ்வாறு எழுதியது சரியே. 9,60,000 என்னும் இலாபம் அவற்றைக் கழித்த பின் வந்ததே. வருமான வரியோ இலாபம் கண்ட பின் அந்த இலாபத்தின் மேல் எழுவது. வரிக்குரிய இலாபத்தைக் கணக்கிடும்போது அதைச் செலவாகக் கழிக்கவும் இயலாது. இவ்வேறுபாட்டை நோக்காமல், வருமான வரியையும் அவர் கட்டிய நாளிலேயே செலவாக எழுதிவிட்டார். "வரி எதுவானாலும் செலவுதானே ஐயா?" என்று அவர் பின்னர் என்னைக் கேட்டார். கேள்வி நேர்மையானது, வஞ்சகம் அதில் சிறிதும் இல்லை.

விளைவைப் பாருங்கள். நான்கு தவணைகள் சேர்ந்து ரூ. 2,96,400. அத்துடன் 2024 ஜூலையில், முந்தைய 2023-24-ஆம் ஆண்டின் மீதி வரியாக வட்டியுடன் ரூ. 60,000 கட்டியிருந்தனர், அதுவும் இவ்வாண்டுச் செலவில் ஏறிவிட்டது. கூட்டினால் ரூ. 3,56,400. இதனை 9,60,000-இல் கழித்து, இலாபம் ரூ. 6,03,600 என்றும், ஆளுக்குப் பாதியாக ரூ. 3,01,800 என்றும் பிரித்திருந்தனர். சரியான முறையில் 3,12,000-உம் வட்டி 1,560-உம் மட்டுமே கழிய, இலாபம் ரூ. 6,46,440 ஆகவும், பங்கு ரூ. 3,23,220 ஆகவும் இருந்திருக்கும். இளைஞருக்கு வராமற்போனது ரூ. 21,420.

கூட்டாளிகள் மாறாமல் இருந்தால் இத்தவறு ஓர் ஆண்டில் கூட்டி மறு ஆண்டில் குறைத்துத் தன்னைத்தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். அதனாலேயே பல ஆண்டுகள் வெளியே தெரிவதில்லை. ஆள் மாறிய ஆண்டில்தான் அது பல்லைக் காட்டுகிறது. 60,000 ரூபாய், மாமனும் மூத்த கூட்டாளியும் சேர்ந்து ஈட்டிய இலாபத்தின் வரி. அதில் பாதியை மருமகன் சுமந்திருக்கிறார். மாமனோ 31-3-2024 அன்று தம் முதலை எடுத்துக்கொண்டு விலகியபோது, அந்த 60,000 கடனாக ஏட்டில் காட்டப்படாததால், ரூ. 30,000 கூடுதலாகப் பெற்றுச் சென்றிருக்கிறார். தாம் கூடுதலாகப் பெற்றது அவருக்கே தெரியாது. சட்டத்தின் பார்வையிலும், ஓர் ஆண்டில் கூட்டாளியாக இருந்தவர் அந்த ஆண்டின் வரிக்குப் பொறுப்பாளியே; பின்னர் விலகியதால் அப்பொறுப்பு நீங்குவதில்லை.

வங்கிக்குக் கொடுத்த இருப்புநிலைக் குறிப்பிலும் பிழை இருந்தது. ஜூலையில் கட்டியாக வேண்டிய ரூ. 17,160 அதில் கடனாகக் காணப்படவில்லை. அதை அப்படியே விட்டிருந்தால் அத்தொகை 2025-26-ஆம் ஆண்டின் செலவில் ஏறி, அடுத்த ஆண்டின் கணக்கையும் கெடுத்திருக்கும்.

திருத்தம் செய்வது கடினமாக இல்லை. மூவரும் ஒரு மாலை உட்கார்ந்தனர். 60,000 ரூபாயைச் செலவிலிருந்து நீக்கி, மூத்த கூட்டாளியின் முதல் கணக்கில் ரூ. 30,000-மும், விலகியவர் தர வேண்டியதாக ரூ. 30,000-மும் பற்று எழுதினர். மாமன் ஏடுகளைத் தாமே ஒருமுறை கூட்டிப் பார்த்து, அடுத்த முந்திரிப் பருவத்தில் அத்தொகையைத் தருவதாக ஒப்புக்கொண்டார். மார்ச் 31-ஆம் நாளுக்குரிய பதிவுகள் எழுதப்பட்டு, கணக்கு மறுபடி வங்கிக்குச் சென்றது. கடன் மனு இதனால் இரண்டு வாரம் தாமதப்பட்டது.

தம் ஏட்டிலும் இத்தகைய தவறு இருக்கிறதா என்று அறிய விரும்புவோர்க்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இலாப நட்டக் கணக்கில் உள்ள வருமான வரித் தொகையையும், அவ்வாண்டில் கட்டிய செலுத்துச் சீட்டுகளின் கூட்டுத்தொகையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ரூபாய்க்கு ரூபாய் ஒன்றாக இருந்தால் ஐயம் கொள்ளுங்கள். கட்டிய பணமே செலவாக எழுதப்பட்டிருக்கக் கூடும். அடுத்து, மார்ச் 31 அன்று செலுத்த வேண்டிய வரிக் கணக்கில் நின்ற மீதியையும், பின்னர் ஜூலையில் கட்டிய சீட்டையும் ஒப்பிடுங்கள். இவை பொருந்த வேண்டும். நம் கணக்கில் இரண்டும் 17,160. முன்கூட்டிய வரியும் பிடித்தமும் சரியாக ஏறியுள்ளனவா என்பதை வரித்துறை இணையத்தில் தரும் ஆண்டறிக்கையோடு ஒத்துப்பார்க்கலாம். செலுத்துச் சீட்டில் ஆண்டைத் தவறாகக் குறித்துவிட்டால், பணம் கட்டியும் அவ்வாண்டின் கணக்கில் அது காணப்படாது. பின்னர் துறை தன் கணக்கீட்டில் சிறு தொகையைக் கூட்டினாலும் குறைத்தாலும், அதை நடப்பு ஆண்டின் வரியோடு கலவாமல் "முந்தைய ஆண்டுகளின் வரி" எனத் தனி வரியில் காட்டுவது நலம்.

கட்டியது மிகுந்துபோகும் ஆண்டும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து நம் மாவட்டத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாறான அடி இன்று டிசம்பர்த் தவணைக்குப் பின் விழுந்தால் என்ன ஆகும்? நம் ஆலை அதற்குள் ரூ. 1,87,200 கட்டியிருக்கும். மார்ச்சில் எதுவும் கட்டாமல் விட்டு, ஆண்டு முடிவில் வரிக்குரிய இலாபம் ரூ. 5,00,000 தான் என்றானால், வரிச் செலவு ரூ. 1,56,000. அதுவே இலாப நட்டக் கணக்கில் ஏற வேண்டும். மிகுந்த ரூ. 31,200 அரசிடமிருந்து திரும்ப வர வேண்டிய பணம். இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக நிற்கும். திரும்பி வரும்போது அது வருமானமாகாது. அத்துடன் வரும் வட்டி மட்டுமே வருமானம். கட்டிய நாளிலேயே செலவாக எழுதுவோரின் ஏட்டில் இந்த 31,200 எங்கும் காணப்படாது. புயலுக்குப் பின் ஒவ்வொரு ரூபாயும் தேவைப்படும் நேரத்தில், கேட்டுப் பெற வேண்டிய பணம் நினைவிலிருந்தே நழுவிவிடும்.

தனி ஒருவராகத் தொழில் நடத்துவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டு நிறுவனம் தன் பெயரில் வரி கட்டுகிறது. ஆகையால், வரி அதன் செலவு. தனி வியாபாரியின் கடைக்கு அவ்வாறு வரி கிடையாது. வரி அவருடைய எல்லா வருமானத்தின்மேலும் அவர் பெயரில் விழுகிறது. கடைப் பணத்திலிருந்து அவர் வருமான வரி கட்டினால், அது வீட்டுச் செலவுக்குப் பணம் எடுத்ததற்கு ஒப்பாகும். அதனை எடுப்புகள் கணக்கில் பற்று எழுதி, ஆண்டு முடிவில் முதலிலிருந்து கழிக்க வேண்டும். அவருடைய கடையின் இலாப நட்டக் கணக்கில் வருமான வரி என்ற வரியே இருத்தல் ஆகாது.